எடுத்ததை அன்றன்றே நிரப்புவதா, குறைந்த பிறகு மொத்தமாகவா?

ஏசி பழுதுபார்க்கும் டெக்னீஷியனின் வேனை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஜாப் ஷீட்டில் எழுதிய பாகங்களை மறுநாள் காலையே அதே எண்ணிக்கையில் ஏற்றிவிடுவது ஒன்று. கணக்கில் ஸ்டாக் ஒரு அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து மொத்தமாக ஏற்றுவது இன்னொன்று. இரண்டாவதில் ஸ்டோர்காரருக்கு வேலை குறைவு, அதனால் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் ஷீட்டில் ஒரு பாகம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன.

35 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையே எடுத்துக்கொள்வோம். வேனில் 6 இருக்க வேண்டும். வாரத்துக்கு 5 செலவாகிறது, ஷீட்டில் 4தான் ஏறுகிறது. விட்டுப்போவது பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த வீட்டுக்குத் திரும்பப் போய் மாற்றியதுதான். புது ஷீட் போடாததால் எழுத இடமே இருக்காது.

அன்றன்று நிரப்பினால் முதல் வாரக் கடைசியில் வேனில் 5 இருக்கும், அடுத்த வாரம் 4. வாரம் ஒன்றாகத்தான் குறையும்.

கணக்கில் 2 ஆனதும் 6 வரை நிரப்பும் முறையில், முதல் வாரக் கடைசியில் கணக்கில் 2, பெட்டியில் 1. நான்கு ஏற்றினால் கணக்கு 6, பெட்டியில் 5. இரண்டாவது வாரக் கடைசியில் கணக்கு மறுபடி 2 காட்டும், பெட்டியோ காலி. தவறு அதே அளவுதான், ஆனால் இங்கே ஸ்டாக்கை அடிமட்டம்வரை விடுவதால் அது உடனே கையைக் கடிக்கிறது.

அதனால் கெப்பாசிட்டர், கான்டாக்டர், ஃபேன் மோட்டார் போன்றவற்றுக்கு அன்றன்று நிரப்புவதே என் தேர்வு. மாலையில் ஷீட்டைப் பார்த்து வேனுக்கு ஒரு பை கட்டி வைத்தால் போதும். ஷீட்டில் வெறுமனே "கெப்பாசிட்டர் 1" என்று எழுதக் கூடாது, எத்தனை மைக்ரோஃபாரட் என்பதும் வேண்டும். இல்லையென்றால் 35 போன இடத்தில் 45 வந்து உட்கார்ந்துகொள்ளும், எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

ஸ்க்ரூ, டேப், வயர் லக் ஆகியவற்றை ஷீட்டில் எழுதச் சொல்வது வீண். அவற்றை இரண்டு டப்பாவில் வைத்து, ஒன்று காலியானதும் அதை ஸ்டோரில் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது டப்பா அதுவரை தாங்கும்.

அன்றன்று நிரப்பினாலும் ஷீட்டில் விட்டுப்போவது நிற்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை, வேகமாகப் போகும் ஐந்தாறு பாகங்களை மட்டும் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய ஷீட்டில் உள்ளதைச் சேர்த்த பிறகும் 6 இருக்க வேண்டிய இடத்தில் குறைகிறதென்றால், அந்த வாரம் திரும்பப் போன வீடுகளை முதலில் பாருங்கள். அடுத்து, இன்னொரு வேனுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததைக் கேளுங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், பொருந்தாமல் கழற்றித் திரும்பக் கொண்டுவந்த பாகத்தையும் ஷீட்டில் செலவாக எழுதியிருப்பார்கள்.