ஒரே பத்தி, மூன்று திருத்தங்கள்: எது மரியாதையான எழுத்து?

ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிய செய்திக்குறிப்பில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“குருடரான இளைஞர் ஒருவர், செவிட்டு ஊமையான தன் தங்கையுடன் கணினிப் பயிற்சியில் சேர்ந்தார். விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் முடங்கிப்போன நண்பரும் உடன் வந்தார். தங்கள் குறையை வென்று, மூவரும் சாதாரண மாணவர்களுக்கு இணையாகத் தேர்ச்சி பெற்றனர்.”

இதைத் திருத்தச் சொன்னால் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போவார்கள்.

முதல் வழி, இழிசொல் வரும் இடமெல்லாம் ‘மாற்றுத்திறனாளி’ என்று போட்டுவிடுவது. “மாற்றுத்திறனாளி இளைஞர் ஒருவர், மாற்றுத்திறனாளியான தன் தங்கையுடன்…” என்று போகும். யாரையும் புண்படுத்தாது, சரி. ஆனால் இளைஞருக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் வேண்டும், தங்கைக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படலாம், நண்பருக்குச் சாய்தளம் வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் மறைந்துபோகிறது. பலரைச் சேர்த்துச் சொல்லும்போது, ‘மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீடு’ என்பதுபோல, அது பொருத்தமான சொல்தான். தனி மனிதரைப் பற்றி எழுதும்போது மங்கலாகிவிடுகிறது.

இரண்டாவது வழி அலங்காரம். “அகக்கண்ணால் உலகைக் காணும் இளைஞர்”, “மௌன மொழி பேசும் தேவதை” என்ற வகை. இதை எழுதுபவர்களின் நோக்கம் நல்லதுதான், ஆனாலும் மூன்றிலும் மோசமானது இதுதான் என்பேன். கண் தெரியாது என்று சொல்வதையே கூச்சமான விஷயமாக்கி, பூப்போட்டு மூடுகிறது. கணினிப் பயிற்சிக்கு வந்த பெண்ணை எதற்குத் தேவதை ஆக்க வேண்டும்?

மூன்றாவது வழி, உள்ளதை உள்ளபடி சொல்வது:

“பார்வையற்ற இளைஞர் ஒருவர், காது கேளாத தன் தங்கையுடன் கணினிப் பயிற்சியில் சேர்ந்தார். விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நண்பரும் உடன் வந்தார். மூவரும் தேர்ச்சி பெற்றனர்.”

பத்தி சுருங்கிவிட்டது, ஆனால் தகவல் எதுவும் போகவில்லை. ‘ஊமை’ என்ற சொல்லுக்கு மாற்று தேடாமல் அதை எடுத்தேவிட்டதைக் கவனியுங்கள். காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரலில் கோளாறு எதுவும் இல்லை; அவர்களில் பேசாதவர்கள் இருந்தால், பேச்சைக் கேட்டுப் பழக வாய்ப்பில்லாததுதான் பெரும்பாலும் காரணம். சைகைமொழியோ தனக்கென இலக்கணம் உள்ள முழுமையான மொழி. அதனால் ‘ஊமை’ இழிவு மட்டுமல்ல, பெரும்பாலும் தவறான தகவலும்கூட. ‘வாய் பேசாத’ என்று மென்மையாக்கினாலும் அந்தத் தவறு அப்படியே இருக்கும். தங்கை சைகைமொழி பயன்படுத்துபவர் என்று உறுதியாகத் தெரிந்தால் அதைச் சேர்க்கலாம். தெரியாவிட்டால் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். உதட்டசைவைப் படித்துப் பேசுபவர்களும் உண்டு.

‘முடங்கிப்போன’ என்பதும் இப்படித்தான். நாற்காலி அவரை முடக்கவில்லை, அதில்தான் அவர் வகுப்புக்கு வந்து போகிறார்.

சொல்லுக்குச் சொல் மாற்றும் முதல் வழி முழுசாகத் தவறவிடுவது கடைசி வாக்கியத்தை. அதில் தேடி நீக்க ஓர் இழிசொல்கூட இல்லை. ஆனால் ‘சாதாரண மாணவர்களுக்கு இணையாக’ என்றால் இவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை என்றாகிறது. ஒப்பிட்டே தீரவேண்டிய இடத்தில் ‘மாற்றுத்திறனாளி அல்லாத மாணவர்கள்’ என்று எழுதலாம். இங்கே ஒப்பீடே வேண்டியதில்லை. ‘குறையை வென்று’ என்பது தடை முழுவதையும் அவர்கள் உடம்புக்குள் வைத்துவிடுகிறது. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, உடல்நிலையோடு சூழலில் உள்ள தடைகளையும் சேர்த்தே பார்க்கிறது. வகுப்பில் படியேற முடியாத சிக்கல் இருந்து, அதைச் சரிசெய்திருந்தால், “நுழைவாயிலில் சாய்தளம் அமைக்கப்பட்டது” என்று எழுதுவது ‘வென்றார்’ என்பதைவிட உருப்படியான செய்தி.

மூன்றாவது வழியிலும் சறுக்கலாம். ஓரளவு பார்வை உள்ளவரை ‘பார்வையற்றவர்’ என்றால் தகவல் பிழை. ‘குறைபார்வை உள்ளவர்’ என்பதே சரி. அப்புறம், சம்பந்தப்பட்டவரே தன்னை எப்படிக் குறிப்பிடுகிறாரோ அதற்குத்தான் முதலிடம். ‘பார்வை மாற்றுத்திறனாளி’ என்பதை விரும்புபவர்கள் இருக்கிறார்கள், ‘பார்வையற்றவர் என்றே எழுதுங்கள்’ என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நாம் திருத்தம் போடக்கூடாது. பழைய ஆவணத்தையோ ஒருவர் சொன்னதையோ மேற்கோளாகத் தரும்போதும் சொல்லை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் விட்டுவிட்டு, நம் வாக்கியத்தில் மட்டும் நம் சொல்லைப் பயன்படுத்தினால் போதும்.