48 எண்கள்: கையால் தட்டச்சா, எழுத்துணரியா?

பழைய மழைப்பதிவேட்டின் ஒரு பக்கம். 12 மாதம், 4 ஆண்டு, ஆக 48 கட்டங்கள். அடியில் ஆண்டு மொத்தம். கைப்பேசியில் எடுத்த படம் படிக்கும்படிதான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் நிழல், தாளிலும் லேசான வளைவு. இதை விரிதாளில் ஏற்ற நான் கையால் தட்டச்சு செய்வதையே தேர்ந்தெடுத்தேன்.

வேகத்தில், படத்திலுள்ள எழுத்துகளைத் தானே படித்துத் தரும் எழுத்துணரி முந்தும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. டெசராக்ட் நிரலுக்கு ஒரே வரி போதும்:

```
tesseract mazhai.png mazhai --psm 6 -c preserve_interword_spaces=1
```

சிக்கல் அதற்குப் பிறகுதான். சொற்களில் பிழை நேர்ந்தால் கண்ணை உறுத்தும். எண்ணில் நேர்ந்தால் அதுவும் ஓர் ஒழுங்கான எண்ணாகவே நிற்கும். 38.4 என்பது 88.4 ஆனாலும், புள்ளி தொலைந்து 384 ஆனாலும், பக்கத்துக் கோடு 1 ஆக ஒட்டிக்கொண்டு 138.4 ஆனாலும் சந்தேகம் எழாது. மழையில்லாத மாதத்துக்குப் போட்ட சிறு கோட்டை நிரல் விட்டுவிட்டால் இன்னும் மோசம்: அந்த வரிசையில் நான்குக்குப் பதில் மூன்றே எண்கள் வரும், மூன்றாம் ஆண்டின் மழை இரண்டாம் ஆண்டில் போய் உட்காரும். ஆகவே 48 கட்டங்களையும் படத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். ஏற்கெனவே திரையில் ஓர் எண் இருக்கும்போது கண் அதையே படத்திலும் பார்த்துவிடுகிறது. தட்டச்சு செய்யும்போதோ ஒவ்வோர் எண்ணையும் படத்திலிருந்து படித்தாலொழிய விரல் நகராது.

கையும் தவறும். ஆனால் அச்சிட்ட மொத்தத்தைத் தனியே வைத்துக்கொண்டு `=SUM(B2:B13)` போட்டுப் பார்த்தால் வித்தியாசமே பிழையின் வகையைச் சொல்லிவிடும். 38.4 ஐ 83.4 என்று மாற்றி அடித்தால் வித்தியாசம் 45. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம், புள்ளியை நீக்கிப் பார்க்கும்போது, 9 ஆல் வகுபடும். புள்ளி ஓரிடம் தவறினாலும் அப்படியே: 384 இல் 38.4 போக 345.6. வகுபடாவிட்டால் இலக்கத்தையே தவறாகப் படித்திருக்கலாம், அல்லது ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கலாம். இந்தச் சோதனைக்குத் தப்புவது ஒன்று: இரண்டு மாதங்களின் எண்கள் இடம் மாறினால் மொத்தம் மாறாது. அதற்கு ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பதே வழி.

இந்தக் கூட்டல் சோதனை எழுத்துணரி தந்த அட்டவணைக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஒரே நெடுவரிசையில் ஒரு பிழை இருந்தால் எளிதில் பிடிபடும். மங்கிய படத்தில் மூன்று நான்கு சேர்ந்து வரும்போது வித்தியாசத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாது, வரிவரியாகத் தேட வேண்டியதுதான்.

இதே வடிவத்தில் 40 பக்கம் இருந்தால், அதுவும் 300 டிபிஐ-யில் தட்டையாக ஸ்கேன் செய்தவை என்றால், நான் எழுத்துணரியின் பக்கம் சாய்வேன். கட்டங்களைத் தானே பிரித்தறியும் கைப்பேசிச் செயலிகளை நான் அதிகம் பழகியதில்லை. கோடு போட்ட அட்டவணைகளில் அவை டெசராக்டைவிட நன்றாகவே நடந்துகொள்ளலாம்.