கடினமான பந்தியை எளிதாக்குவதா, தமிழில் சொல்வதா, வசனத்தைத் திறந்து காட்டுவதா?

தரம் 10 பிள்ளைகள் 32 பேர், நாற்பது நிமிடப் பாடவேளை, ஏறத்தாழ 220 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கில வாசிப்புப் பகுதி. விஷயம் குளத்து நீர்ப்பங்கீடு. மாங்குளத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகளாக இதே பகுதியை மூன்று விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். எது எங்கே உதவியது, எங்கே கையை விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மாணவருக்குத் தரும் தற்காலிக உதவியை ஆசிரியப் பயிற்சியில் சாரக்கட்டு என்பார்கள். வன்னியில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் பிள்ளைகளிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 1976இல் வுட், புரூனர், ரொஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் இருந்துதான் அது பரவியது. சின்னப் பிள்ளைகள் மரக்கட்டைகளால் ஒரு கூம்பகத்தை அடுக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்தார்கள். உதவியைக் கழற்றுவதும் உதவியின் ஒரு பகுதி என்பது சாரக்கட்டு என்ற கருத்தில் இருக்கிறது. மூன்று வழிகளையும் நான் அளந்து பார்ப்பது இதை வைத்துத்தான்.

பகுதியில் எல்லோரும் தடுக்கி விழுந்த வசனம் ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: "த வோட்டர் தட் த ஃபார்மர்ஸ் அட் த டெயில் எண்ட் ஒஃப் த சனல் ஹாட் பீன் ப்றொமிஸ்ட் நெவர் றீச்ட் தெயார் ஃபீல்ட்ஸ்." வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கும் விவசாயிகளுக்குத் தருவதாகச் சொன்ன தண்ணீர் அவர்களுடைய வயலுக்கு வந்து சேரவே இல்லை என்பது பொருள். பத்தொன்பது சொல்லில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றோ இரண்டோதான். இருந்தும் முதல் ஆண்டு நான் கேட்டபோது பாதி வகுப்பு சொன்ன பதில், "விவசாயிகள் வயலுக்குப் போகவில்லை சேர்" என்பது.

முதல் வழி, பகுதியை எளிதாக்கி எழுதிக் கொடுப்பது. அந்த வசனத்தை மூன்றாக உடைத்தேன். விவசாயிகளின் வயல்கள் வாய்க்காலின் கடைசியில் இருந்தன, அவர்களுக்குத் தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள், தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். சரி பிழைக் கேள்விகளில் புள்ளிகள் ஏறின. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் வசனத்தைக் குட்டையாக்கும்போது முதலில் பலியாவது இணைப்புச் சொற்கள். 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'சின்ஸ்' எல்லாம் போய்விடும். காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கும். "துருசு பூட்டப்படாவிட்டால் ஓகஸ்டில் மாட்டுக்கும் தண்ணீர் இருக்காது" என்ற பொருளில் இருந்த வசனம், "துருசைப் பூட்ட வேண்டும். ஓகஸ்டில் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஆகிவிட்டது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை இனிப் பிள்ளைதான் ஊகிக்க வேண்டும். ஏன் என்று தொடங்கும் கேள்விகளுக்கு அந்த ஆண்டு வந்த பதில்களில் முக்கால்வாசி வெறும் நகல். கேள்வியில் உள்ள சொல் பகுதியில் எங்கே இருக்கிறதோ, அந்த வசனத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். எளிதாக்கிய பகுதியில் இந்த வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் எடுத்து எழுதச் சின்ன வசனம் கிடைக்கிறது.

யானோ, லோங், ரொஸ் என்ற மூவர் ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதே விஷயத்தைத் தொடுகிறது. மூலத்தைச் சுருக்கி எளிதாக்கிய வடிவம், மூலத்தைக் குறைக்காமல் விளக்கச் சொற்களைச் சேர்த்து விரித்த வடிவம் என்ற இரண்டுக்கும் மொத்தப் புள்ளியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில் விரித்த வடிவம் கைகொடுத்தது. என் வகுப்பில் நான் பார்த்ததும் அதற்கு அண்மித்ததுதான். இன்னொன்று, எளிதாக்கிய பகுதியில் கழற்றுவதற்கு எதுவுமே இல்லை. அடுத்த முறை மூலப் பகுதி கையில் வந்தால் பிள்ளை பழைய இடத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது வழி எல்லோரும் செய்வது, ஆனால் செய்வதாக ஒப்புக்கொள்ளாதது. முழுப் பகுதியையும் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு வாசிக்க விடுவது. இதைத் திட்டுவோர் நிறைய. நான் அவ்வளவு திட்ட மாட்டேன். இந்தப் பகுதிக்கு வேண்டிய அறிவு பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பதும், கடைசி வாய்க்கால்காரர் முறுகுவதும், இரவில் யாரோ துருசைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று சண்டை வருவதும் அவர்கள் வீட்டில் கேட்கும் கதைகள். ஆங்கிலத்தில் வந்ததும் அந்த அறிவு ஒளிந்துகொள்கிறது. 'டாங்க்' என்றதும் பலருக்கு வீட்டுக்கூரைக்கு மேலே நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிதான் ஞாபகம் வந்தது. இலங்கை ஆங்கிலத்தில் குளத்துக்கும் அதே சொல் என்று தமிழில் ஒரு வரி சொன்னதும் முகங்கள் மாறின. 'ஸ்பில்' என்றால் தேத்தண்ணி கொட்டுவது என்று நினைத்தவர்களுக்கு, வான் பாய்வதுதான் என்றதும் அந்தப் பந்தியே திறந்துகொண்டது.

எங்கே கெடுகிறது என்றால், முழுவதையும் சொல்லும்போது. கதை தெரிந்த பிறகு ஆங்கிலத்தை யார் வாசிப்பார்? இதை நான் ஒருநாள் சோதித்தேன். தமிழில் கதையைச் சொல்லிவிட்டு, கொப்பியில் கொடுத்த பகுதியில் ஒரு விஷயத்தை மாற்றிவைத்தேன். என் கதையில் கூட்டத்துக்குப் பிறகு தண்ணீர் திறந்தார்கள், கொப்பியில் கூட்டத்துக்கு முன்பே. கேள்விக்கு 27 பேர் என் கதையின்படி பதில் எழுதினார்கள். என்னைக் கவனித்தார்கள் என்று வேண்டுமானால் பெருமைப்படலாம்.

மூன்றாவது வழியில் மூலப் பகுதியைத் தொடுவதில்லை. தடுக்கும் வசனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றின் கட்டைத் திறந்து காட்டுவது. அந்தப் பத்தொன்பது சொல் வசனம் ஏன் தடுக்கிறது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். தமிழில் "தருவதாகச் சொன்ன தண்ணீர்" என்று விவரணை முன்னால் வந்து, பெயர் பின்னால் வருகிறது. பெயர் வந்ததும் வினைக்குக் காத்திருக்கிறோம், அது உடனே வருகிறது. ஆங்கிலத்தில் தண்ணீர் இரண்டாவது சொல். அது என்ன ஆனது என்று சொல்லும் வினை பதினேழாவது சொல். நடுவில் விவசாயிகளும் வாய்க்காலும் வாக்குறுதியும் வந்து நிற்கின்றன. தமிழ்ப் பழக்கத்தில் வாசிக்கும் பிள்ளை, வினை வந்ததும் அதற்குக் கிட்ட இருக்கும் ஆட்களிடம் அதைக் கொடுத்துவிடுகிறது. 'சேரவில்லை' விவசாயிகள் தலையில் விழுவது அப்படித்தான்.

கரும்பலகையில் வசனத்தை எழுதி முதலில் வினைகளை மட்டும் கேட்பேன். 'ஹாட் பீன் ப்றொமிஸ்ட்', 'றீச்ட்' என்று இரண்டு வரும். பிறகு 'தட்' தொடங்கி எதுவரை மூடினால் மிச்சம் ஒரு முழு வசனமாக நிற்கும் என்று கேட்பேன். ஒரு பிள்ளை வந்து கையால், இல்லாவிட்டால் மட்டையால் மூட வேண்டும். பெரும்பாலும் முதல் முயற்சி 'சனல்' என்ற சொல்லோடு நின்றுவிடும், ஏனென்றால் காதுக்கு அங்கே முடிந்ததுபோல் இருக்கிறது. அப்போது நான் பிழை என்று சொல்வதில்லை. "மிச்சத்தில் எத்தனை வினை இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். இரண்டு இருக்கும். மட்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்து 'ப்றொமிஸ்ட்' வரை போகும். இப்போது கண்ணுக்குத் தெரிவது "த வோட்டர் நெவர் றீச்ட் தெயார் ஃபீல்ட்ஸ்" மட்டும். தண்ணீர் வயலுக்கு வரவில்லை. மட்டையை எடுத்து, எந்தத் தண்ணீர் என்று கேட்டால் மூடியிருந்த பகுதிதான் பதில். அதே வசனத்தைத் தமிழில் பக்கத்தில் எழுதினால், மூடிய பகுதி பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பதை அவர்களே சொல்கிறார்கள்.

'அன்லெஸ்' வந்த வசனத்துக்கு மட்டை உதவாது. அங்கே சிக்கல் வேறு. சிலர் அதில் 'லெஸ்' என்பதைக் கண்டு 'குறைவு' என்று பொருள் எடுத்திருந்தார்கள். அதற்கு "பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன" என்று இரண்டு படம் கீறச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒரு பகுதியில் மூன்று வசனத்துக்கு மேல் இப்படித் திறந்தால் அது வாசிப்பாக இருக்காது, இலக்கணப் பாடமாகிவிடும். ஒரு முறை ஆசையில் ஏழு வசனம் திறந்தேன். மணி அடித்தபோது பகுதி எதைப் பற்றியது என்று கேட்டதற்கு "மட்டை" என்றான் ஒருவன். அத்தோடு சொற்களையே எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆறேழு பிள்ளைகளுக்கு இது எட்டாது. பதினேழாவது சொல்லுக்கு வரும்போது இரண்டாவது சொல் மறந்துபோயிருக்கும். அவர்களுக்கு நான் முதல் வழியின் எளிய பிரதியைத்தான் கொடுக்கிறேன், ஆனால் 'ஆல்தோ', 'பிகோஸ்' இரண்டையும் வெட்டாமல்.

ஆக, இப்போது என் பாடவேளை இப்படிப் போகிறது. முதல் ஐந்து நிமிடம் தமிழில் கதை இல்லை, கதைக்களம் மட்டும். கடைக்கோடி வயலுக்கு எப்போது தண்ணீர் வரும், யார் தீர்மானிப்பது என்று அவர்களைப் பேசவிட்டு, 'டாங்க்', 'ஸ்பில்' இரண்டையும் தெளிவாக்குவேன். பிறகு மூலப் பகுதியை மௌனமாக ஒரு தடவை வாசிப்பார்கள். அப்புறம் இரண்டு வசனத்துக்கு மட்டை, ஒன்றுக்குப் படம். மிச்ச நேரம் கேள்விகளுக்கு. எடுத்து எழுத முடியாத மாதிரி, பகுதியில் இல்லாத சொற்களால் கேள்வியை அமைப்பேன்.

மட்டையைக் கழற்றுவது தனி வேலை. முதல் இரண்டு பகுதிகளில் எங்கே மூட வேண்டும் என்று நானே அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அடுத்த இரண்டில் "இரண்டாம் பந்தியில் ஒரு நீள வசனம் இருக்கு" என்று மட்டும். ஐந்தாவதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சிலர் வாசிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சேர், இண்டைக்கு அடைப்புக்குறி இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நான் கழற்றப் பிந்திவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

போன தவணைப் பரீட்சையில் வந்தது தேனீ பற்றிய பகுதி. வினாத்தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றில் பென்சிலால் மெலிதாக அடைப்புக்குறி. அவற்றில் மூன்று தப்பான இடத்தில் இருந்தன, ஆனால் அந்த மூன்றில் இரண்டில் அழித்துவிட்டு மறுபடி போட்ட தடயம் தெரிந்தது.