அழியாத ஃபைலை ‘ரெக்கவர்’ பண்ணித் தர்றேன்னு 3,500 ரூபாய் வாங்கிட்டாங்க

கைநடுக்கத்தோட எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ராமநாதபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில 3,500 ரூபாயைக் குடுத்துட்டு வந்திருக்கேன். கடைப் பேரு வேணாம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம்னு நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேரு அங்கதான் போறாங்க.

ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பம், 61 நாளு படகு கடலுக்குப் போகாது. அதுக்குள்ள படகு ஆளுங்களுக்குக் குடுத்த முன்பணக் கணக்கைத் தீர்க்கணும். அந்தக் கணக்கு ஒரு எக்ஸெல் ஃபைல்ல இருக்கு. ஸ்டார்ட்டை அமுக்கி ‘advance’னு அடிச்சேன், வரல. ஆளுங்க பேரை அடிச்சேன், வரல. பிப்ரவரி மாசம் இதே கடையிலதான் விண்டோஸ் புதுசா போட்டாங்க, அதுல போயிடுச்சோன்னு வயித்தைக் கலக்கிடுச்சு.

சிபியூவைத் தூக்கிட்டுப் போனேன். அந்தப் பையன் என்னமா பேசுனான்! “அண்ணே, ஃபார்மட்ல டெலிட் ஆயிருக்கும். சாஃப்ட்வேர் போட்டு ஹார்ட் டிஸ்க் முழுக்க ஸ்கேன் பண்ணணும், 3,500 ஆகும். நீங்க சாப்டுட்டு சாயங்காலமா வாங்கண்ணே, உங்க கணக்கு எங்கேயும் போகாது.” அந்தக் கடைசி வார்த்தையிலதான் விழுந்தேன். சாயங்காலம் பென்டிரைவ்ல ஃபைலைக் குடுத்தான். சந்தோஷத்துல டீக்கும் சேத்துக் குடுத்துட்டு வந்தேன்.

ராத்திரி அக்கா மக வந்தா. “மாமா, இது டெலிட்டே ஆகலையே”ன்னா. டி டிரைவைத் தொறந்து, அதோட மேல்மூலைத் தேடல் கட்டத்துல இதை அடிச்சா:

```
ext:.xlsx datemodified:01/01/2025..31/01/2025
```

ஜனவரியில கடைசியா திருத்துன எக்ஸெல் ஃபைல் மட்டும்னு அர்த்தமாம். தேதியை நம்ம கம்ப்யூட்டர் காட்டுற வரிசையிலயே போடணும். கொஞ்ச நேரம் பச்சைக் கோடு ஓடுச்சு, அப்புறம் வந்து நின்னுச்சு: `D:\OLD\Documents\Book3.xlsx`. என் கணக்கேதான்.

ஸ்டார்ட்ல ஏன் வரல? ஸ்டார்ட்ல நாம தேடும்போது விண்டோஸ் டிஸ்க்கைப் புரட்டுறதில்லை. முன்னாடியே எழுதி வச்ச ஒரு பட்டியலைத்தான் பாக்குது, அதுக்குப் பேரு இண்டெக்ஸ். நாமளா மாத்தலைன்னா அதுல சி டிரைவுல இருக்கிற நம்ம யூசர் ஃபோல்டரும் ஸ்டார்ட் மெனுவும்தான் முக்கியமா இருக்கும், டி டிரைவ் இருக்காது. பட்டியல்ல இல்லாத இடத்துல ஃபோல்டரைத் தொறந்து தேடுனாலும் ஃபைல் பேரைத்தான் பாக்கும், உள்ள இருக்கிற எழுத்தைப் பாக்காது. என் ஃபைல் பேரோ Book3. ‘advance’னு அடிச்சா எங்கிருந்து வரும்?

இன்னும் கேளுங்க. ஃபைல்ல ரைட் கிளிக் பண்ணி Properties பாத்தோம். Modified ஜனவரி 29. Created பிப்ரவரி 12! திருத்துனதுக்கு அப்புறமா ஒரு ஃபைல் பொறக்குமா? பொறக்கும், வேற இடத்துக்குக் காப்பி பண்ணுனா. காப்பி பண்ணும்போது Created அன்னைக்குத் தேதியா மாறிடும், Modified பழசாவே நிக்கும். பிப்ரவரி 12 என்ன நாளுன்னு நெனைக்கிறீங்க? இவங்க விண்டோஸ் போட்ட நாளு. சி டிரைவை அழிக்கும் முன்னாடி என் ஃபைலையெல்லாம் OLDனு ஒரு ஃபோல்டர்ல எடுத்து வச்சதே இவங்கதான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

பென்டிரைவுல இருக்கிற ஃபைலையும் பாத்தோம். Created காலையில 11.20. நான் சிபியூவைக் குடுத்துட்டுக் கெளம்புனப்ப 11 மணி தாண்டிருச்சு. 1 டிபி டிஸ்க் முழுக்க ஸ்கேன் பண்ண மணிக்கணக்கா ஆகும். இவன் எடுத்து ஒட்டிட்டு சாயங்காலம் வரைக்கும் சும்மா வச்சிருக்கான். அதுக்கு 3,500 ரூபாய்!

போன் போட்டேன். “ஓனர் மதுரை போயிருக்காருண்ணே.” மறுபடி போட்டா, “அது சர்வீஸ் சார்ஜுண்ணே, ஃபைல் கிடைச்சுச்சுல்ல?” நேர்ல போனா, “டெக்னீஷியன் சொன்னாத்தான் தெரியும்.” டெக்னீஷியன் அவனேதான், பின்னாடி உக்காந்து மவுஸைத் தட்டிக்கிட்டு இருக்கான்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆத்திரத்துல வரல. சுருக்கமாச் சொல்றேன். காணோம்னா முதல்ல டி டிரைவைத் தொறந்து மேல சொன்ன மாதிரி தேதியை வச்சுத் தேடுங்க. கிடைச்சதும் ஸ்டார்ட்ல `Indexing Options`னு அடிச்சு, `Modify`ல டி டிரைவுல டிக் போடுங்க. பட்டியல் எழுதி முடிக்க நேரம் புடிக்கும், பொறுங்க. நிஜமாவே அழிஞ்சிருந்தா இந்தத் தேடல்ல அந்த ஃபைல் வராது. அப்ப அந்த டிஸ்க்ல புதுசா எதையும் போடாம கொண்டுபோங்க, ஸ்கேன் பண்றதைப் பக்கத்துல உக்காந்து பாருங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. என் 3,500 ரூபாய்க்கு இன்னும் பில் கேட்டுக்கிட்டு இருக்கேன், பிரிண்டர்ல மை இல்லையாம்.