முட்டியில் நீர் கோத்தால் உடனே எடுத்துவிட வேண்டுமா?

இந்த விடுமுறையில் பாதி அம்மாவின் முட்டியோடு போனது. மூட்டுத் தேய்மானம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. படி இறங்கும்போது கால் லேசாகப் பிசகியது. அன்று நன்றாகத்தான் நடந்தார். மறுநாள் காலையில் முட்டி உப்பி, சில்லு எங்கே என்றே தெரியவில்லை.

முதலில் போன மருத்துவமனையில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "நீரை எடுத்துட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுடலாம்" என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்துப் பார்த்த எலும்பு மூட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிசகி எவ்வளவு நேரம் கழிச்சு வீங்குச்சு?" ஓரிரு மணி நேரத்திலேயே பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், அதாவது ஜவ்வு கிழிந்தோ எலும்பு விரிசல் விட்டோ இருக்கலாம். ராத்திரி முழுக்க மெல்ல ஏறிய வீக்கம் என்றால், பெரும்பாலும் எரிச்சலடைந்த மூட்டு உறை சுரந்த நீர்தான். காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார். தோல் சிவந்து கொதிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கையால் முட்டிக்கு மேலே அழுத்தி நீரைக் கீழே தள்ளி, மறுகை விரலால் சில்லை அமுக்கினார். அது உள்ளே போய் எலும்பில் 'டக்' என்று இடித்து மேலே வந்தது.

"இப்ப எடுக்க வேண்டாம். எரிச்சல் அடங்காம எடுத்தா மறுபடி ஊறும்" என்றார். துணி சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கும் பயிற்சி, அவ்வளவுதான். நீர் நிற்கும்போது தொடைத் தசை சரியாக வேலை செய்யாதாம்; அம்மாவுக்கு நடக்கையில் முட்டி திடீரென்று விட்டுப்போனது அதனால்தான்.

ஆனால் வாரம் கடந்தும் முட்டி கல் மாதிரி இறுகி, மடக்கவே முடியவில்லை. அப்போதுதான் எடுத்தார். காலை நீட்டிப் படுக்க வைத்து, மருந்து தடவிச் சுத்தம் செய்து, மரத்துப்போக ஊசி போட்டு, சில்லின் வெளிப்பக்க மேல்விளிம்புக்குக் கீழே ஊசியைச் செலுத்தினார். கிட்டத்தட்ட 50 மில்லி வந்தது. சிரிஞ்சுக்குப் பின்னால் வைத்த சீட்டின் எழுத்தைப் படிக்க முடிந்த அளவு தெளிவு, வெளிர்மஞ்சள் நிறம். தேய்மானத்தில் வருவது இப்படித்தான் இருக்கும். கலங்கலாக வந்தால் யூரிக் அமிலப் படிகமோ கிருமியோ காரணமாக இருக்கலாம். கிருமி என்று சந்தேகம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல், முடிந்தால் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே, நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துவிடுமாம்.

தெளிவாக இருந்தாலும் அம்மாவுடையதை லேபுக்கு அனுப்பினார். ஸ்டீராய்டு கேட்டதற்கு, "ரிசல்ட் வரட்டும். உள்ளே கிருமி இருந்தா இந்த ஊசி அதை வளர்த்துவிடும்" என்றார். முதல் இடத்தில் இதை யாருமே யோசித்த மாதிரி தெரியவில்லை.

ரிசல்ட்டில் கிருமியும் இல்லை, படிகமும் இல்லை. போன வாரம் போனில் பேசியபோது மறுபடி கொஞ்சம் நீர் சேர்ந்திருப்பதாக அம்மா சொன்னார். முட்டி மடங்குகிறது, வலியும் பெரிதாக இல்லை என்பதால் டாக்டர் இந்தத் தடவை ஊசியை எடுக்கவில்லை.