துண்டிப்பதா, ஒலியை நிறுத்துவதா, ஒரு வரி அனுப்புவதா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கோல் வந்து குவியும். பேச முடியாதபோது கையில் இருக்கும் வழிகள் மூன்று: சிவப்புப் பொத்தானை அழுத்தித் துண்டிப்பது, பக்கத்துப் பொத்தானை அழுத்தி மணியோசையை மட்டும் நிறுத்துவது, முன்பே எழுதி வைத்த ஒரு வரியை அனுப்பிக்கொண்டே அழைப்பை மறுப்பது.

துண்டித்தால் அழைத்தவருக்கு மணி பாதியில் நிற்கும், அல்லது ஒரு பதிவுக் குரல் கேட்கும். வேலையில் இருக்கிறோமா, கோபமா என்பது அவருக்குத் தெரியாது. ஒலியை நிறுத்துவது இன்னும் மோசம். நமக்கு ஓசை நின்றுவிடும். அவருக்கோ மணி தொடர்ந்து அடிக்கும். எடுக்காததால் பயந்து மறுபடியும் அழைப்பார். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்த தாய் மூன்று முறை அழைப்பதும், நடுவில் நான் கரும்பலகையை விட்டு நகர்வதும் இப்படித்தான் நடக்கின்றன.

எழுதி வைத்த வரி இந்த இரண்டையும்விட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் போனோடு வரும் வரிகளை அப்படியே விட்டால் பாதிப் பயன்தான். அவை பெரும்பாலும் ‘பிறகு அழைக்கிறேன்’ என்ற அளவில் நிற்கும். எப்போது என்று சொல்லாத பதிலைப் பெற்றவர் பத்து நிமிடத்தில் திரும்ப அழைப்பார். கூகிளின் Phone செயலியில் Settings உள்ளே Quick responses என்ற இடத்திலும், சாம்சங்கில் Quick decline messages என்ற இடத்திலும், ஐபோனில் Phone அமைப்புகளுக்குள் Respond with Text என்ற இடத்திலும் இவற்றை மாற்றி எழுதலாம்.

தமிழில் எழுதும்போது நீளத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்:

‘தற்போது வகுப்பில் இருப்பதால் உங்கள் அழைப்பை ஏற்க முடியவில்லை. பிறகு அழைக்கிறேன்.’

‘வகுப்பில் இருக்கிறேன். 6 மணிக்கு எடுக்கிறேன்.’

முதலாவது 80 வரும். இரண்டு செய்தியாகக் கணக்கிடப்படும். இரண்டாவது 45தான், ஒன்றில் அடங்குகிறது, நேரத்தையும் சொல்கிறது. ‘ஒரு மணி நேரத்தில்’ என்று எழுதுவதைவிடக் கடிகார நேரத்தை எழுதுவதே மேல். செய்தி தாமதித்துப் போய்ச் சேர்ந்தால் ‘ஒரு மணி நேரம்’ எதிலிருந்து என்று அவருக்குப் புரியாது. என் வகுப்பு தினமும் ஒரே நேரத்தில் முடிவதால் இது எனக்குச் சரி. நேரம் நாளுக்கு நாள் மாறுபவர்கள் ‘5 மணிக்கு’, ‘8 மணிக்கு’ என இரண்டு வரி வைத்துக்கொள்ளலாம். அதிகம் பயன்படுவதை மேலே வையுங்கள். விரல் பட்டவுடன் செய்தி போய்விடும்.

இந்த வழி எல்லோருக்கும் செல்லாது. வாட்ஸ்அப் அழைப்புக்கு, போன் அமைப்பில் எழுதிய வரிகள் வருவதில்லை. அதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் அனுப்ப வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா காலையில் வேலைக்குப் போகும் முன் அழைப்பார். அப்போது இங்கே என் வகுப்பு நேரம். அவருக்கு ‘6 மணிக்கு’ என்று மட்டும் அனுப்பினால் அவருடைய 6 மணி என்று நினைப்பார். ‘இலங்கை நேரம் 6 மணி’ என்றால் கோடையில் அங்கே காலை 8.30 என்று தெரிந்துகொள்வார். அவர் சாதாரண அழைப்பில் வந்தால் என் வரி வெளிநாட்டுக் குறுஞ்செய்தியாகப் போகும், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். மீதித் தொகை இல்லாத சிம்மில் இருந்து செய்தி போகவே போகாது. ஆகவே வகுப்பு முடிந்ததும் செய்திப் பெட்டியைத் திறந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ‘அனுப்பப்படவில்லை’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

தமிழ் எழுத்து தெரியாத பழைய பொத்தான் போனில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அப்படிப்பட்டவருக்கு ஆங்கில எழுத்தில் ஒரு வரி தனியாக வைத்திருக்கிறேன்.

வேலணையில் இருக்கும் அம்மா 021இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசியில் இருந்து அழைப்பார். அங்கே குறுஞ்செய்தி வாசிக்க வழி இல்லை. துண்டித்தால் கலங்குவார், எடுக்காவிட்டால் இன்னும் கலங்குவார். அந்த எண்ணைக் கண்டால் மட்டும் மாணவர்களிடம் கையைக் காட்டிவிட்டு எடுத்து, ‘வகுப்பில் நிற்கிறேன் அம்மா, ஆறு மணிக்கு எடுக்கிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.