மொத்த அழுத்தத்திலிருந்து Kp: α சூத்திரமா, பகுதி அழுத்த அட்டவணையா?

பதினொன்றாம் வகுப்பு வேதிச்சமநிலையில் ஒரு கணக்கு தவறாமல் வரும். மூடிய கலனில் ஒரு வாயு பிரிகையடைகிறது, சமநிலையில் மொத்த அழுத்தம் இவ்வளவு, பிரிகை வீதம் α-வும் சமநிலை மாறிலி Kp-யும் என்ன? இதற்கு இரண்டு வழி உண்டு. α-வில் எழுதிய சூத்திரத்தை நினைவில் வைத்து எண்களைப் போடுவது ஒன்று. ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தத்தையும் அட்டவணையாக எழுதி முடிப்பது இன்னொன்று. என் மாணவர்களுக்கு இப்போது இரண்டாவதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். ஏன் என்பதை ஒரே கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

2 லிட்டர் கலனில் 0.1 மோல் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. வெப்பநிலை 523 K, அதாவது 250 டிகிரி செல்சியஸ். எதுவும் பிரியாமல் இருந்தால் அழுத்தம் p0 = nRT/V, அதாவது 0.1 × 0.0821 × 523 / 2 = 2.15 அட்மாஸ்பியர். சமநிலையில் அளந்தால் மொத்த அழுத்தம் P = 3.41.

சூத்திர வழியில் இது இரண்டே வரி. ஒரு PCl5 மூலக்கூறு PCl3, Cl2 என்று இரண்டாகப் பிரிவதால் மொத்த மோல்கள் (1 + α) மடங்காகும். கன அளவும் வெப்பநிலையும் மாறாததால் அழுத்தமும் அதே மடங்கு கூடும்.

```
α  = P/p0 − 1 = 3.41/2.15 − 1 = 0.586
Kp = α²P/(1 − α²) = 1.78
```

அட்டவணை வழியில் α-வை முதலில் தொடுவதே இல்லை. பிரிந்த பென்டாகுளோரைடின் அழுத்தம் x என்று வைத்துக்கொள்வோம்.

```
            PCl5       PCl3    Cl2
தொடக்கம்    2.15       0       0
சமநிலை     2.15 − x    x       x
```

மூன்றையும் கூட்டினால் 2.15 + x. அது 3.41 என்பதால் x = 1.26. மீதி பென்டாகுளோரைடு 0.89. Kp = 1.26 × 1.26 / 0.89 = 1.78. பிரிகை வீதம் வேண்டுமென்றால் 1.26-ஐ 2.15-ஆல் வகுத்தால் 0.586. இரண்டு வழியிலும் ஒரே விடை. நேரத்தைப் பார்த்தால் சூத்திரத்துக்குச் சிறிய முன்னிலை, அவ்வளவுதான்.

வித்தியாசம் தெரிவது கலனில் வேறு ஏதாவது ஏற்கெனவே இருக்கும்போதுதான். என் முடிவைத் தீர்மானித்ததும் இதுதான். அதே கலனில், அதே 523 K-இல், 1.00 அட்மாஸ்பியர் குளோரினை முன்பே அடைத்திருக்கிறோம் என்று வையுங்கள். பென்டாகுளோரைடும் அதே அளவு. இப்போது சமநிலையில் மொத்த அழுத்தம் 4.16. அட்டவணையில் ஒரே ஒரு இடம்தான் மாறுகிறது. குளோரினின் தொடக்க மதிப்பு 0 அல்ல, 1.00.

```
            PCl5       PCl3    Cl2
தொடக்கம்    2.15       0       1.00
சமநிலை     2.15 − x    x       1.00 + x
```

கூட்டுத்தொகை 3.15 + x = 4.16, ஆக x = 1.01. Kp = 1.01 × 2.01 / 1.14 = 1.78. பிரிகை வீதம் 1.01 / 2.15, அதாவது 0.47. குளோரின் முன்பே இருந்ததால் பிரிகை குறைந்தது, மாறிலி அசையவில்லை. லீ சாட்லியர் விதி சொல்வதும் அதைத்தான், இங்கே எண்ணாகவே பார்க்க முடிகிறது.

இதே இடத்தில் பழைய சூத்திரத்தைப் போட்டால் என்ன ஆகும்? α = 0.47, P = 4.16 என்று வைத்தால் Kp 1.18 வரும். வெப்பநிலை மாறாதபோது Kp மாறவே கூடாது, ஆகவே இது தப்பு. தப்பு எங்கே என்றால், α²P/(1 − α²) என்ற வடிவமே தூய பென்டாகுளோரைடில் தொடங்கி, இரண்டு விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்று வைத்து வருவிக்கப்பட்டது. சூத்திரத்தைப் பார்த்தால் அந்த நிபந்தனை தெரியாது. மாணவர்கள் சறுக்குவது அங்கேதான்.

ஆர்கான் போன்ற வினைபடாத வாயு இருந்தாலும் இதே கதை. கன அளவு மாறாத கலனில் 1.00 அட்மாஸ்பியர் ஆர்கான் இருந்தால் மானி 4.41 காட்டும். சமநிலை துளியும் நகர்ந்திருக்காது, α அதே 0.586-தான். ஆனால் சூத்திரத்தில் P-க்கு 4.41 போட்டால் Kp 2.31 என்று வந்து நிற்கும். அட்டவணையில் ஆர்கானுக்குத் தனி நெடுவரிசை கிடைக்கும், Kp எழுதும்போது அது தானாகவே வெளியே நின்றுவிடும்.

வினையின் வடிவம் மாறினாலும் சூத்திரத்தை மாற்ற வேண்டும். N2O4 இரண்டு NO2 ஆகும்போது Kp சூத்திரத்தில் α²-க்கு முன்னால் ஒரு 4 சேரும். நைட்ரோசில் குளோரைடில் இரண்டு மூலக்கூறு மூன்றாகிறது, அதனால் P = p0(1 + α/2) என்று ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்வதைவிட, அட்டவணையில் கெழுக்களை x-க்கு முன்னால் போட்டுவிடுவது எளிது.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு கண்ணி உண்டு. p0 சமநிலை வெப்பநிலையில் இருக்க வேண்டும். நைட்ரோசில் குளோரைடை 300 K-இல் 1.00 அட்மாஸ்பியரில் அடைத்து 500 K-க்குச் சூடாக்கினால், பிரியாத நிலையிலேயே அது 1.67 ஆகியிருக்கும். சமநிலையில் மானி 1.86 காட்டினால், சரியான p0-வை வைத்து α சுமார் 0.23. 1.00-ஐ அப்படியே வைத்தால் 1.72 வரும். பிரிகை வீதம் ஒன்றைத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியது p0-வை எந்த வெப்பநிலையில் எடுத்தோம் என்பதைத்தான்.

சூத்திரம் வெல்லும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் வைத்த கலனில், அழுத்தத்தை மாறாமல் வைத்து, "10 அட்மாஸ்பியரில் எவ்வளவு பிரியும்?" என்று கேட்டால் கன அளவு மாறிக்கொண்டே போகும். p0 என்ற பிடிமானம் இல்லை. அங்கே மோல் பின்னம் வழியாக α-வில் எழுதுவதே இயல்பு. தூய பென்டாகுளோரைடுக்கு α = √(Kp/(Kp + P)). 1 அட்மாஸ்பியரில் 0.80, 10-இல் 0.39. இதை அட்டவணையில் கொண்டுவர முயல்வது வீண் சுற்று.

அளவீட்டில் வரும் பிழையை இரண்டு வழியாலும் தவிர்க்க முடியாது. x என்பது P-க்கும் p0-க்கும் உள்ள வித்தியாசம். α 0.02 மட்டும் என்றால் 2.15 வெறும் 2.193 ஆகும். மானியில் 0.01 பிசகினாலே x-இல் கால்வாசி போய்விடும், x வர்க்கமாக வருவதால் Kp-யில் ஏறக்குறைய பாதி. α ஒன்றை நெருங்கினாலும் இதே சிக்கல், அங்கே மிஞ்சும் சிறிய 2.15 − x தான் ஆட்டம் காணும். நடுத்தரப் பிரிகையில்தான் மொத்த அழுத்தம் நம்பகமான எண்ணைத் தரும். மிக உயர்ந்த அழுத்தங்களில் நல்லியல்பு வாயு என்ற அனுமானமே தளரும். அந்த எல்லையில் நான் கணக்கும் சோதனையும் செய்து பார்த்ததில்லை, அதனால் மேலே சொன்னதைச் சில அட்மாஸ்பியர் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் அயோடைடு போன்ற வினைக்கு இரண்டு வழியும் உதவாது. 2HI ⇌ H2 + I2-இல் இரண்டு மூலக்கூறு இரண்டாகவே இருக்கிறது. எவ்வளவு பிரிந்தாலும் மானி அசையாது. அங்கே கலனைச் சட்டென்று குளிர்வித்து அயோடினைத் தரம் பார்த்தோ, அயோடின் ஆவியின் ஊதா நிறச் செறிவை அளந்தோதான் x-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். x கிடைத்ததும் அதே அட்டவணையில் எழுதலாம்.